58-ல் முழு ஓய்வா, பாதி ஓய்வா? ஒரு கோத்தகிரி டீ மேக்கரின் கணக்கை வைத்து ஒரு வழிகாட்டி

குன்னூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்கு எழுதுகிறேன். ஓய்வு பெற்ற கையோடு பி.எஃப். செக்கைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இதை எதுல போட்டா மாசம் நிறைய வரும்?" என் அக்கா வீட்டுக்காரர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக 31 வருடம் இருந்தவர். "மாப்ளே, மூணு பாக்டரில கூப்பிடுறாங்க. போனா இந்தப் பணத்தைத் தொடாம இருக்க முடியுமா?"

அவருக்காகப் போட்ட கணக்குதான் இந்த வழிகாட்டி. ஓய்வின் முதல் ஐந்து வருடம் பகுதி நேர வேலையில் கொஞ்சம் சம்பாதித்தால் சேமிப்பிலிருந்து எடுப்பது எவ்வளவு குறையும், அதனால் பணம் எத்தனை வருடம் கூடுதலாக நிற்கும் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். விடை நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் செலவு

வருமானத்தில் ஆரம்பித்தால் கணக்கு தப்பாகும். அத்தானும் அக்காவும் 2024-ல் ஒரு வருடம் முழுக்க ஒரு நோட்டில் செலவு எழுதினார்கள். ஒரு மாதம் எழுதி 12-ஆல் பெருக்குவது மலையில் சரிவராது. ஜூலை மழையில் துணி காய ஹீட்டர் ஓடும், ஜனவரிப் பனியில் வெந்நீருக்கு கேஸ் சீக்கிரம் தீரும். கண், பல், ஸ்கேன் என்று கோயம்புத்தூருக்குக் கீழே இறங்கினால் டாக்ஸிக்கே ஒரு தொகை போய்விடும். எல்லாம் சேர்த்து மாதம் 32,000 ரூபாய் வந்தது, வருடத்துக்கு 3.84 லட்சம். சொந்த வீடு இருப்பதால்தான் இந்த அளவு. கம்பெனி குவார்ட்டர்ஸிலேயே 58 வரை இருந்துவிட்டு, காலி செய்யும்போது வாடகை வீடு தேடுகிறவர்கள் அந்த வாடகையையும் முதல் நாளிலிருந்தே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த 32,000-க்குள் மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் அடங்கும். கம்பெனியின் குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம். அதனால் தனி பாலிசியை 55 வயதிலேயே எடுத்துவிடுவது நல்லது. அத்தான் 57-ல் எடுத்தார். இன்னும் ஒரு வருடத்துக்கு அவருடைய சர்க்கரைக்குக் கைப்பணம்தான்.

கையில் என்ன இருக்கிறது

2025 மார்ச் கடைசியில் அவர் வெளியே வந்தபோது பி.எஃப். 34 லட்சம் இருந்தது. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 52,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 30,000. 31 வருடத்துக்கு கிராஜுவிட்டி 9.3 லட்சம். 20 லட்சம் வரை வரி கிடையாது என்பதால் முழுதாக வந்தது. இது போக, மாதாமாதம் போட்டு வந்த மியூச்சுவல் ஃபண்டில் 12 லட்சம். மொத்தம் 55.3 லட்சம்.

பி.எஃப். பென்ஷன் மாதம் சுமார் 4,200. முப்பது வருட உழைப்புக்கு இவ்வளவுதானா என்று அக்கா இரண்டு முறை கேட்டார். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2014 ஆகஸ்ட் வரை அது 6,500, பிறகு 15,000. அதனால்தான் தொகை இவ்வளவு சிறியது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பென்ஷனை 58-ல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும் என்று சொல்வார்கள். அது உண்மைதான். வேலைக்குப் போகிறோமே, தள்ளிப்போடலாம் என்றுதான் அத்தானும் நினைத்தார். இரண்டு வருடம் விட்டால் இழப்பது 24 மாதப் பென்ஷன், சுமார் 1 லட்சம். 60-க்குப் பிறகு கூடுதலாகக் கிடைப்பது மாதம் 343 ரூபாய். இழந்ததை மீட்க 294 மாதம், அதாவது இருபத்து நாலரை வருடம் ஆகும். உங்கள் பென்ஷன் எவ்வளவாக இருந்தாலும் இந்த மாதக்கணக்கு மாறாது. 84 வயது தாண்டித்தான் லாபம் என்றால், 58-லேயே 10டி படிவம் கொடுத்து வாங்கிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

இரண்டு பாதைகளையும் போட்டுப் பார்ப்பது

செலவு வருடம் 6 சதவீதம் ஏறும், மொத்தச் சேமிப்பு சராசரியாக 7 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டேன். பென்ஷன் ஏறாது. எக்செல்லில் இதற்கு ஆறு கட்டங்கள் போதும். A சேமிப்பு, B வருடச் செலவு, C பகுதி நேர வருமானம், D சேமிப்பிலிருந்து எடுப்பது:

```
A2: 5530000
B2: 384000
C2: 240000
D2: =B2-50400-C2
A3: =(A2-D2)*1.07
B3: =B2*1.06
```

A, B, D மூன்றையும் கீழே இழுத்துவிட்டு C-யை மட்டும் கையால் நிரப்புங்கள். 50400 என்பது அத்தானின் வருடப் பென்ஷன். அந்த இடத்தில் உங்களுடையதைப் போடுங்கள்.

C-யில் எல்லா வருடமும் பூஜ்யம் போட்டால், அதாவது 58-ல் முழு ஓய்வு என்றால், முதல் வருடமே 3.34 லட்சம் எடுக்க வேண்டும். அது சேமிப்பில் 6 சதவீதம். ஐந்து வருடம் கழித்து 54.2 லட்சம் மிஞ்சுகிறது. பார்ப்பதற்குக் குறையவே இல்லை என்று தோன்றும், பலரும் ஏமாறுவது இங்கேதான். அதற்குப் பிறகு செலவு வளர்ச்சியைத் தாண்டி ஓடி, 74 வயதில் பணம் தீர்ந்துவிடுகிறது.

முதல் ஐந்து வருடமும் 2.4 லட்சம் சம்பாதித்தால், முதல் வருடம் எடுக்க வேண்டியது 94,000 ரூபாய்தான். ஐந்தாம் வருட முடிவில் 69 லட்சம் நிற்கிறது. சம்பாதித்தது மொத்தம் 12 லட்சம், வித்தியாசமோ கிட்டத்தட்ட 15 லட்சம். எடுக்காமல் விட்ட பணத்தின் வளர்ச்சிதான் மீதி 3 லட்சம். பணம் தீரும் வயது 78 ஆகிறது.

ஐந்து வருடப் பாதி வேலைக்கு நான்கு வருடம். அவ்வளவுதான். அக்கா அத்தானைவிட ஆறு வயது இளையவர். அத்தானுக்கு 78 என்றால் அக்காவுக்கு 72. அவருக்குப் பிறகு அக்காவுக்கு வருவது பென்ஷனில் பாதி, சுமார் 2,100 ரூபாய். ஆகவே பகுதி நேர வேலை மட்டும் இந்தக் கணக்கை மூடாது. 63-ல் மாடி அறையைச் சீர் செய்து வாடகைக்கு விடுவது என்று இப்போதே முடிவு செய்திருக்கிறார்கள். உங்கள் எக்செல்லில் எந்த வயதில் D, A-யைத் தாண்டிப் பணம் சிவப்புக்குப் போகிறது என்று பாருங்கள். வாழ்க்கைத்துணைக்கு அப்போது என்ன வயது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பாதி வேலையின் உண்மையான பயன் எங்கே? வளர்ச்சி 7 சதவீதம் என்று எக்செல் ஒரே சீராகப் போடுகிறது. சந்தை அப்படி நடப்பதில்லை. 2008-ல் சென்செக்ஸ் அந்த ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் விழுந்தது. பழைய உச்சத்துக்குத் திரும்ப 2010 கடைசி ஆனது. அந்த இடைவெளியில் யூனிட்டை விற்றுச் சாப்பிட்டவருக்கு, சந்தை திரும்பி வந்தபோது கையில் யூனிட் குறைவு. விற்காதவருக்கு எல்லாம் திரும்பி வந்தது. அதே சரிவு 70 வயதில் வந்தால் பாதிப்பு குறைவு. 58-ல் வந்தால் முன்னால் இருக்கும் எல்லா வருடமும் அதைச் சுமக்க வேண்டும். முதல் மூன்று நான்கு வருடம் மியூச்சுவல் ஃபண்டில் இருக்கும் 12 லட்சத்தைத் தொடத் தேவையே இல்லாமல் செய்வதுதான் பகுதி நேர வருமானத்தின் வேலை.

பி.எஃப்.-ஐ உடனே எடுக்க வேண்டாம்

55-க்குப் பிறகு ஓய்வு பெற்றவரின் பி.எஃப். கணக்குக்கு மூன்று வருடம் வரை வட்டி தொடர்ந்து ஏறும். 2024-25-க்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். ஆனால் வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு வரி உண்டு. சம்பாதிக்கும் காலத்தில் வாழ்ந்த பழக்கத்தில் நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அத்தான் 34 லட்சத்தை அப்படியே விட்டுவைத்தார். 58 முதல் 60 வரை மாதம் குறைகிற எட்டு முதல் பத்தாயிரத்தை கிராஜுவிட்டியிலிருந்து எடுக்கிறார். அந்த 9.3 லட்சம் வங்கி டெபாசிட்டில் ஆறு துண்டாக இருக்கிறது, ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் வட்டி கெடாது. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து எடுப்பது சுமார் 2.1 லட்சம்தான்.

60 முடிந்ததும், அதாவது 2027-ல், பி.எஃப்.-ல் 39 லட்சத்துக்கு மேல் இருக்கும். அதில் 30 லட்சம் தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போகும். ஒருவருக்கு உச்சவரம்பு அதுதான். 2023 ஏப்ரலிலிருந்து அதன் வட்டி 8.2 சதவீதமாகவே இருந்துவருகிறது. அந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். 55-லிருந்து 60-க்குள் ஓய்வு பெற்றவரும் இதில் சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் வந்த மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும். வேலை வருமானம் இல்லாதவர் அப்படிச் செய்வதே சரி. அத்தானுக்கு அந்த வட்டி இப்போது தேவையில்லை. கையில் வந்தால் செலவாகிவிடும். அதனால்தான் இரண்டு வருடம் தள்ளினோம். 60-க்குப் பிறகும் வட்டி, பென்ஷன், ஆலோசனைப் பணம் மூன்றும் சேர்ந்தால் செலவு போக மாதம் எட்டாயிரத்துக்கு மேல் மிஞ்சும். அது தானாகவே ஆர்.டி.க்குப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுக்காவிட்டால் மேலே போட்ட கணக்கு பொய்யாகிவிடும்.

வேலையை நாள் கணக்கில் பேசுங்கள்

இதில்தான் நான் அதிகம் சண்டை போட்டேன். மூன்று தொழிற்சாலைகளும் மாதச் சம்பளம்தான் பேசின. "பழைய ஆளு, மாசம் இருபதாயிரம் வாங்கிக்கங்க, வந்துட்டுப் போங்க." இந்த "வந்துட்டுப் போங்க" எத்தனை நாள், எத்தனை மணி நேரம்? பசுந்தேயிலை குவியும் மே மாதத்தில் அது தினமும் ஆகிவிடும், ராத்திரியும் ஆகிவிடும். ஏனென்றால் இலை மாலையில் வந்து சேர்ந்து வாட விட்டபின் அரைப்பு ராத்திரியிலும் ஓடும்.

அதனால் நாளுக்கு 2,500 என்று பேசினோம். ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வறட்சியும், இலை குறைவு, மாதம் 4 நாள் போதும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 12 நாள். ஜூலை, ஆகஸ்டில் 6 நாள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 9 நாள். வருடத்துக்கு 96 நாள், 2.4 லட்சம். ராத்திரி ஷிப்ட் கிடையாது. போனில் கேட்பதற்குக் காசு இல்லை, ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் போனால் அரை நாள் கணக்கு. இந்தக் கடைசி வரியைச் சேர்க்க அத்தானுக்குக் கூச்சமாக இருந்தது. முதல் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு முறை போன் வந்த பிறகு அவரே அந்த வரியை அடிக்கோடிட்டார்.

நாள் கூலி கொடுக்கும்படி அவரிடம் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தேன். டிரையர் வாயில் விழும் தூளை ஒரு கை அள்ளினார், கசக்கினார், மூக்கருகே கொண்டுபோனார். "வெளிய காஞ்சிருக்கு, உள்ள ஈரம் இருக்கு. சூடு அதிகம், ஓட்டம் வேகம்." மீட்டரில் வைத்துப் பார்த்தபோது ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டிய தூள் 5-ஐத் தாண்டியிருந்தது. அப்படியே மூட்டை கட்டியிருந்தால் கிடங்கிலேயே மணம் போய், குன்னூர் ஏலத்தில் விலை இறங்கியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆன நேரம் அரை நிமிடம். ஆலோசனை விற்பதென்றால் இந்த அரை நிமிடத்தைத்தான் விற்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நிற்பதை விற்றால் அது பழைய வேலைதான்.

கடிதத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய முதலாளியிடமே போகிறீர்கள், தினமும் ஒரே நேரம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, விடுப்புக்கு அனுமதி என்றால் அது ஆலோசனை இல்லை, வேலைதான். சம்பளமாகக் கருதி வரி பிடிப்பார்கள், பி.எஃப். பிடித்தம் பற்றிய கேள்வியும் வரும். என்ன வேலை, எத்தனை நாள், என்ன கட்டணம், பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் என்ற நான்கும் ஒரு பக்கக் கடிதத்தில் இருந்தால் போதும்.

பணம் வராத மாதம்

முதல் வருடம் ஒரு இடத்தில் மூன்று மாதப் பில் நின்றது. இலை கொள்முதல் செய்யும் தொழிற்சாலைகளில் ஏல விலை இறங்கினால் முதலில் விவசாயிகளுக்கு இலைப் பணம் தாமதமாகும். ஆலோசகர் பில் வரிசையின் கடைசியில். அதற்கு அறிகுறியும் உண்டு: இலை கொண்டுவருகிறவர்கள் எடைமேடை பக்கத்தில் நின்று பணம் எப்போது என்று கேட்க ஆரம்பித்தால், அடுத்த மாதம் உங்கள் பில்லும் நிற்கும். அத்தான் அதைப் பார்த்திருந்தும் பழைய பழக்கத்துக்காகப் போய்க்கொண்டே இருந்தார். இப்போது இரண்டு பில் நின்றால் மூன்றாம் மாதம் போவதில்லை. எந்த ஒரு இடமும் மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் வைத்திருக்கிறோம்.

ஆலோசனைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. மே மாதம் 30,000 வரும், பிப்ரவரியில் 10,000 வரும். எவ்வளவு வந்தாலும் அந்தக் கணக்கிலிருந்து வீட்டுக்கு மாதம் 20,000 மட்டும் போகும். முதல் தடவை இது ஓட, தொடக்கத்திலேயே கிராஜுவிட்டியிலிருந்து 60,000 அதில் போட்டு வைத்தோம். அந்தக் கணக்கில் இருப்பு 20,000-க்குக் கீழே போனால் அந்த மாதமே வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும். ஃபண்டை விற்று நிரப்பக் கூடாது.

வரி, சுருக்கமாக

தொழில்நுட்ப ஆலோசனைக்கு 44ஏ.டி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் முறையில், வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம், கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. 2.4 லட்சம் வந்தால் 1.2 லட்சம். அதோடு பி.எஃப். வட்டி சுமார் 2.8 லட்சம், பென்ஷன், டெபாசிட் வட்டி எல்லாம் சேர்ந்து ஐந்து லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. 2025-26-லிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி இல்லை. ஆனாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். வருடத்துக்கு 50,000-ஐத் தாண்டிக் கட்டணம் கொடுக்கும் தொழிற்சாலை பெரும்பாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும், அது ITR-4 போட்டால்தான் திரும்பி வரும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கும். அந்தந்த வருடத்துப் படிவத்தைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு வரவு 20 லட்சம் தாண்டினால்தான்.

எப்போது குறைப்பது

இதைத் தொடங்கும்போதே எழுதி வைக்காவிட்டால், உடம்பு சொன்ன பிறகுதான் நிற்பீர்கள். அத்தானின் நோட்டில் மூன்று வரி இருக்கிறது. 61 வயதில் வருடத்துக்கு 96 நாளுக்குப் பதில் 70 நாள், நாள் கட்டணம் 3,500. கட்டணம் ஏறாவிட்டால் நாளும் குறையாது. 63-ல் நிறுத்தம். அதற்கு முன்பே சர்க்கரையோ முழங்காலோ படுத்தினால், அந்த வருடம் முழுக்க டெபாசிட் துண்டுகளிலிருந்து எடுப்பது, ஃபண்டைத் தொடாமல்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் நோட்டோடு குன்னூர் வருவார், எக்செல்லில் உண்மை எண்களைப் போடுவோம். இந்த ஏப்ரலில் வந்தபோது செலவு 32,000-க்குப் பதில் 33,400. வரவு 2.4 லட்சத்துக்குப் பதில் 2.15 லட்சம், நின்றுபோன பில்லில் ஒன்று இன்னும் வரவில்லை. சிவப்பு ஒரு வருடம் முன்னால் நகர்ந்து 77-ல் நின்றது. அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மாடி ரூமுக்கு 63 வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்றார். கொத்தனாரிடம் மழைக்கு முன்னால் மதிப்பீடு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.